300 கோடி செல்போன்: வளைகோடு போட்ட கணக்கு

2010 மார்ச் இறுதியில் இந்தியாவில் 58.4 கோடி செல்போன் இணைப்புகள் இருந்தன. மூன்றாண்டு முன்பு அது 16.5 கோடி. அந்த நான்கு மார்ச் மாத எண்களையும் கணினியிடம் கொடுத்து, "இந்த வளர்ச்சி எந்த இடத்தில் போய் நிற்கும்?" என்று கேட்டால் வரும் விடை, சுமார் 300 கோடி. அடுத்த ஆண்டு எடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நாட்டில் இருந்தவர்கள் 121 கோடிப் பேர். தொட்டிலில் கிடக்கும் குழந்தைக்கும் சேர்த்து ஆளுக்கு இரண்டரை இணைப்பு!

கணினி தப்புப் போடவில்லை. எண்களும் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் வெளியிட்டவைதான். வரைபடத்தில் பார்த்தால் வளைகோடு நான்கு புள்ளிகளையும் கிட்டத்தட்ட தொட்டுக்கொண்டே போகிறது. எந்தப் புள்ளியிலும் அரைக் கோடி அளவுக்குக்கூட விலகல் இல்லை. இவ்வளவு அழகாகப் பொருந்திய கோடு எப்படி இவ்வளவு பெரிய அபத்தத்தைச் சொல்கிறது என்பதுதான் இந்த முறையைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டிய முதல் விஷயம்.

புதிதாக வரும் எந்தச் சேவையும் தொடக்கத்தில் மெதுவாகவே பரவும். இந்தியாவில் செல்போன் 1995 ஜூலை 31 அன்று அறிமுகமானது; மேற்கு வங்க முதல்வர் ஜோதி பாசு கொல்கத்தாவிலிருந்து தில்லியில் இருந்த மத்திய அமைச்சர் சுக்ராமை அழைத்துப் பேசினார். அதன்பின் ஐந்தாறு ஆண்டுகள் போன பிறகும், 2001 மார்ச்சில், நாடு முழுக்க 36 லட்சம் இணைப்புகள்தான். வரும் அழைப்புக்கும் காசு கட்ட வேண்டியிருந்த காலம் அது. 2003இல் அந்தக் கட்டணம் போனது. கருவியின் விலையும் இறங்கிக்கொண்டே வந்தது. அதன்பிறகு எண்ணிக்கை பாய்ந்தது. வாங்கக்கூடியவர்கள் எல்லாம் வாங்கி முடிக்கும்போது வேகம் தானாகவே குறையும். மெதுவாகத் தொடங்கி, பாய்ந்து, பிறகு தட்டையாகும் இந்தப் போக்கைக் கோடாக வரைந்தால் சாய்ந்த S எழுத்து போல இருக்கும்.

இதற்குச் சமன்பாடு எழுதியவர் பெல்ஜியத்தைச் சேர்ந்த பியர் பிரான்சுவா வெர்ஹுல்ஸ்ட். 1838இல் அவர் யோசித்தது மக்கள்தொகையைப் பற்றி. இன்றும் பெரும்பாலும் அதே வடிவம்தான் புழக்கத்தில் இருக்கிறது:

```
y = K / (1 + exp(-r (t - m)))
```

இதில் தெரியாதவை மூன்றே எண்கள். K என்பது வளைகோடு கடைசியில் போய்ச் சேரும் உச்ச வரம்பு. r வளர்ச்சியின் வேகம். m என்பது உச்ச வரம்பில் சரிபாதியைத் தொடும் காலம். அதுதான் வேகம் மிக அதிகமாக இருக்கும் திருப்புமுனையும்கூட. அந்தப் புள்ளிக்கு முன்னால் ஒவ்வோர் ஆண்டும் புதிதாகச் சேர்வோர் முந்தைய ஆண்டைவிட அதிகம். அதைத் தாண்டினால் குறைவு.

இந்த மூன்று எண்களையும் தரவிலிருந்து பிடிப்பதற்கான வழி மீச்சிறு வர்க்க முறை. ஏதாவது மூன்று எண்களை வைத்துக் கோடு வரைய வேண்டும். ஒவ்வோர் ஆண்டிலும் உண்மை எண்ணுக்கும் கோடு சொல்லும் எண்ணுக்கும் உள்ள வித்தியாசத்தை எடுத்து, அதை வர்க்கமாக்கி, எல்லாவற்றையும் கூட்ட வேண்டும். அந்தக் கூட்டுத்தொகை எந்த மூன்று எண்களுக்கு மிகக் குறைவாக வருகிறதோ அவையே விடை. நேர்கோடாக இருந்தால் பள்ளிக்கூடச் சூத்திரத்தில் ஒரே மூச்சில் விடை வந்துவிடும். இங்கே r, m இரண்டும் அடுக்குக்குறிக்குள் உட்கார்ந்திருப்பதால் அப்படி நேரடிச் சூத்திரம் கிடையாது. ஓர் ஊகத்தில் தொடங்கி, எந்தப் பக்கம் நகர்ந்தால் கூட்டுத்தொகை குறையும் என்று பார்த்துப் பார்த்து, படிப்படியாகத்தான் போக வேண்டும். "நேரியலற்ற" என்ற அடைமொழி இந்த முறைக்கு வந்தது இதனால்தான். நகரும் படியின் அளவைத் திறமையாகத் தீர்மானிக்கும் வழியை 1944இல் லெவன்பர்க்கும் 1963இல் மார்க்வார்ட்டும் கண்டார்கள். இன்று கணினியில் இந்த வேலையைச் செய்யும் பல நிரல்களுக்குள்ளே இருப்பது அவர்கள் இருவரின் முறைதான்.

பைத்தானில் இது பத்து வரிக்குள் முடிகிற வேலை. 2007 முதல் 2012 வரையிலான மார்ச் மாத எண்களை, கோடிக் கணக்கில், அப்படியே கொடுக்கலாம்:

```python
import numpy as np
from scipy.optimize import curve_fit

t = np.arange(2007, 2013)
y = np.array([16.5, 26.1, 39.2, 58.4, 81.2, 91.9])

def f(t, K, r, m):
    return K / (1 + np.exp(-r * (t - m)))

p, c = curve_fit(f, t, y, p0=[110, 0.5, 2010])
print(p, np.sqrt(np.diag(c)))
```

இதில் `p0` என்பதுதான் தொடக்க ஊகம். அதைக் கொடுக்காமல் விட்டால் நிரல் மூன்று எண்களுக்கும் 1 என்று வைத்துக்கொள்ளும். அப்படியானால் திருப்புமுனை கி.பி. 1ஆம் ஆண்டு! 2007க்குள் வளைகோடு எப்போதோ தட்டையாகிவிட்டிருக்கும். R, m இரண்டையும் சற்றே அசைத்துப் பார்த்தாலும் எந்த மாற்றமும் தெரியாது. நிரல் ஆறு எண்களின் சராசரியான 52 கோடியில் படுக்கையாக ஒரு கோட்டைப் போட்டு, ஓர் எச்சரிக்கையையும் அச்சிட்டுவிட்டு நின்றுவிடும். ஆகவே ஊகத்தைக் கையால் கொடுப்பதே நல்லது. K-க்கு இதுவரை வந்த பெரிய எண்ணைவிடக் கொஞ்சம் அதிகம். M-க்கு அதில் பாதியைத் தொட்ட ஆண்டு. R-க்கு முதலிரு ஆண்டுகளின் வளர்ச்சி விகிதம். 16.5 என்பது 26.1 ஆனதென்றால் அதன் இயல் மடக்கை 0.46; 0.5 என்று வைத்தால் போதும்.

இப்போது 2010இல் வந்த 300 கோடிக்குத் திரும்பலாம்.

அந்த நான்கு எண்களை வைத்துக்கொண்டு, உச்ச வரம்பு 300 கோடி அல்ல, 150 கோடிதான் என்று நாமே பிடிவாதமாக நிர்ணயித்துவிட்டு, மற்ற இரண்டு எண்களை மட்டும் கணினியைத் தேடச் சொல்லலாம். அப்போதும் கோடு எந்த ஆண்டிலும் 80 லட்சத்துக்கு மேல் விலகுவதில்லை. 200 கோடி என்றாலும் பொருந்துகிறது. 400 கோடி என்றாலும் பொருந்துகிறது. 150க்குத் திருப்புமுனை 2011 தொடக்கத்தில் வரும், 300க்கு 2013 மார்ச் வாக்கில், 400க்கு 2014இல். உச்சத்தை உயர்த்தினால் திருப்புமுனையைத் தள்ளிப்போட்டுச் சரிக்கட்டிக்கொள்ள முடிகிறது. வர்க்கக் கூட்டுத்தொகை மிகக் குறைவாக இருப்பது 300க்குப் பக்கத்தில்தான் என்றாலும், மற்றவற்றோடு வித்தியாசம் நூலிழை அளவு. ஒரே ஓர் ஆண்டின் எண்ணில் ஒரு கோடி கூடக் குறைய இருந்திருந்தால் விடை எங்கோ போயிருக்கும்.

காரணம் சமன்பாட்டிலேயே இருக்கிறது. y, K-யைவிட மிகச் சிறியதாக இருக்கும் காலத்தில் வளைகோடு வெறும் கூட்டுவட்டி போலத்தான் வளர்கிறது. கூட்டுவட்டிக்கு உச்ச வரம்பு ஏது? வேகம் குறையத் தொடங்கும்போதுதான் உச்சம் எங்கே என்ற தகவலே தரவுக்குள் வருகிறது. 2010 மார்ச் வரை அந்தத் தகவல் வரவில்லை. ஆண்டுதோறும் புதிதாகச் சேர்ந்த இணைப்புகளைப் பார்த்தாலே தெரியும்: 9.6 கோடி, 13.1 கோடி, 19.2 கோடி. ஏறுமுகம்தான். வளைகோடு பொருத்துவதற்கு முன்னால் இந்தக் கழித்தல் கணக்கைப் போட்டுப் பார்ப்பது ஒரு நிமிட வேலை. புதிய சேர்க்கை இன்னும் ஏறிக்கொண்டிருந்தால் K என்று கணினி தரும் எண்ணுக்கு மதிப்பே இல்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.

ஆனால் அதே கோடுகள் அடுத்த ஓராண்டைச் சொல்வதில் அவ்வளவு மோசமில்லை. 2011 மார்ச்சுக்கு 150 கோடிக் கோடு 78 கோடி என்றது. 400 கோடிக் கோடு 85 கோடி என்றது. நடந்தது 81.2 கோடி. அவற்றையே 2015 வரை நீட்டினால் ஒன்று 136 கோடி என்கிறது, மற்றொன்று 250 கோடி என்கிறது. நடந்தது 97 கோடி. பக்கத்தில் ஒற்றுமை, தூரத்தில் தலைகீழ். அடுத்த ஆண்டுக்கு எத்தனை கோபுரம் வேண்டும், எத்தனை எண் வரிசை ஒதுக்க வேண்டும் என்று கேட்பவருக்கு இந்தக் கோடு உதவும். பத்தாண்டுக்கு உரிமக் கட்டணம் கட்டலாமா என்று கேட்பவருக்கு உதவாது. முதலீட்டாளர்களுக்கான அறிக்கைகளில் இந்த இரண்டு கேள்விகளும் ஒரே வரைபடத்தில் ஒன்றாகக் கலந்துகிடப்பதைப் பார்க்கலாம்.

ஒவ்வோர் ஆண்டும் புதிய எண்ணைச் சேர்த்துக் கணக்கைத் திரும்பப் போட்டால் என்ன ஆகிறது? 2011 மார்ச்சைச் சேர்த்ததும் உச்ச வரம்பு 300 கோடியிலிருந்து 200 கோடியை ஒட்டி இறங்குகிறது. 2012 மார்ச்சையும் சேர்த்தால் 120 கோடி. 2013ஐச் சேர்த்தால் 100 கோடிக்கும் கீழே, 97 அளவில் வந்து நிற்கிறது. மூன்றே ஆண்டில் உச்ச வரம்பு மூன்றில் ஒரு பங்காகிவிட்டது. தனித்தனியாக எந்தப் பொருத்தத்தைப் பார்த்தாலும் தெரியாத பலவீனம், இப்படி வரிசையாக வைக்கும்போது பளிச்சென்று தெரிகிறது. ஆண்டுக்கு ஆண்டு K ஒரே திசையில் நகர்ந்துகொண்டிருந்தால் அது இன்னும் நிலைபெறவில்லை என்று பொருள். இந்தச் சோதனையைச் செய்ய எதிர்காலம் வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். கையில் இருக்கும் கடைசி இரண்டு எண்களை மறைத்துவிட்டுப் பொருத்திப் பார்த்து, பிறகு அவற்றைத் திறந்தால் போதும்.

2012 பொருத்தம் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டிய ஒன்று. K 120 கோடி, r 0.64, திருப்புமுனை 2010 மார்ச். எல்லாம் நியாயமாகத் தோன்றுகிறது. 121 கோடி மக்கள் இருக்கும் நாட்டில் 120 கோடி இணைப்பு என்பது ஆளுக்கொன்று என்ற கணக்கோடும் ஒத்துப்போகிறது. கணினி தரும் திட்டப்பிழையும் பத்துப் பன்னிரண்டு கோடிக்கு மேல் இல்லை. ஆனால் விலகல்களை வரிசையாகப் படித்தால் ஓர் உறுத்தல் இருக்கிறது. 2009, 2010இல் உண்மை எண் கோட்டுக்குக் கீழே இருக்கிறது. 2011இல் திடீரென்று கோட்டுக்கு 3.3 கோடி மேலே எகிறுகிறது. 2012இல் மறுபடி கீழே இறங்குகிறது. தற்செயலான பிழைகள் இப்படிக் கூட்டமாக ஏறி இறங்குவதில்லை. தவிர, இவை ஆண்டுக்கு ஆண்டு சேர்ந்துகொண்டே போகும் மொத்த எண்ணிக்கை. ஓர் ஆண்டின் பிழை அடுத்த ஆண்டிலும் ஒட்டிக்கொண்டு வரும். ஒவ்வொரு விலகலும் தனித்தனி என்று நம்பித்தான் நிரல் திட்டப்பிழையைக் கணக்கிடுகிறது. அதனால் அந்தப் பத்துப் பன்னிரண்டு கோடி என்பது உண்மையான ஐயத்தைவிடக் குறைவான எண்.

2011இல் என்ன நடந்தது? பல வட்டாரங்களில் பத்துக்கும் மேற்பட்ட நிறுவனங்கள் போட்டி போட்ட காலம் அது. சிம் கார்டு கிட்டத்தட்ட இலவசமாகக் கிடைத்தது. பேசும் நேரமும் கூடவே வந்தது. ஒரு சலுகைக்கு ஒரு சிம், அது தீர்ந்தால் இன்னொன்று என்று வாங்கிப் போட்டார்கள். இரண்டு சிம் போடும் கருவிகளும் சந்தையில் மலிந்தன. டிராய் எண்ணிக்கொண்டிருந்தது சிம் கார்டுகளை, மனிதர்களை அல்ல. தில்லியில் நூறு பேருக்கு இருநூறுக்கு மேல் இணைப்பு இருந்ததாகக் கணக்குக் காட்டியது. உண்மையில் அலைவரிசையில் உயிரோடு இருக்கும் இணைப்புகள் எத்தனை என்ற தனிக் கணக்கையும் டிராய் வெளியிட்டது. அதன்படி அந்த ஆண்டுகளில் மொத்தத்தில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்குக்குத்தான் உயிர். வளைகோட்டில் பொருத்தியிருக்க வேண்டியது அந்த எண்ணை.

பிறகு கணக்கு நேராகத் தொடங்கியது. 2012 பிப்ரவரி 2 அன்று உச்ச நீதிமன்றம் 122 அலைக்கற்றை உரிமங்களை ரத்து செய்தது. சில நிறுவனங்கள் கடையைச் சாத்தின. மற்றவையும் பயன்பாட்டில் இல்லாத சிம் கார்டுகளைப் பட்டியலிலிருந்து நீக்கின. 2013 மார்ச்சில் எண்ணிக்கை 86.8 கோடியாகக் குறைந்தது. முந்தைய ஆண்டு பொருத்திய கோடு அந்த மாதத்துக்குச் சொன்னது 104 கோடி. S வளைகோட்டுக்கு இறங்கத் தெரியாது. ஏறவும் தட்டையாகவும் மட்டுமே தெரியும். அதனால் 2013ஐச் சேர்த்துப் பொருத்தியபோது வர்க்கக் கூட்டுத்தொகை 19இலிருந்து 130க்குத் தாவியது. இந்தத் தாவலைப் பார்த்ததும் K-யின் புதிய மதிப்பைக் குறித்துக்கொள்வது வேலையல்ல. எண்ணும் முறை மாறிவிட்டதா என்று விசாரிப்பதுதான் வேலை.

உச்ச வரம்பைத் தரவிலிருந்து பிடுங்க முடியாதபோது அதை வெளியிலிருந்து கொண்டுவருவது பழைய வழக்கம். அமெரிக்காவில் வீரிய ஒட்டுச்சோளம் பரவியதை ஆராய்ந்து 1957இல் ஸ்வி கிரிலிகெஸ் எழுதிய கட்டுரை இந்தத் துறையில் முன்னோடி. வட்டாரத்துக்கு வட்டாரம் எத்தனை சதவீத நிலத்துக்கு அந்த விதை போகும் என்ற உச்சத்தை அவர் தரவை வரைந்து கண்ணால் பார்த்தே தீர்மானித்தார். வேகத்தையும் தொடக்கக் காலத்தையும் மட்டும் கணக்கு முறையிடம் விட்டார். அவருக்குச் சதவீதம் என்ற வசதி இருந்தது; நிலம் நூறு சதவீதத்தைத் தாண்டாது. செல்போனுக்கும் அதுபோல் செய்யலாம். பத்து வயதுக்கு மேற்பட்டோர் எத்தனை, அவர்களில் மாதம் நூறு ரூபாய் செலவழிக்கக் கூடியவர் எத்தனை, ஒருவரிடம் சராசரியாக எத்தனை சிம் என்று கணக்கிட்டு ஒரு K-யை நிர்ணயிக்கலாம். ஒன்றே ஒன்றை நிர்ணயிக்காமல் குறைந்தது, நடுத்தரம், அதிகம் என்று மூன்றை வைத்து மூன்று கோடுகளையும் காட்டுவது இன்னும் நேர்மை. அப்போது வாதம் வளைகோட்டைப் பற்றி இராது, சிம் எண்ணிக்கையைப் பற்றிய அனுமானத்தைப் பற்றி இருக்கும். நடக்க வேண்டிய வாதமும் அதுதான்.

வெளியிலிருந்து கொண்டுவரும் உச்சமும் நிரந்தரமல்ல. வெர்ஹுல்ஸ்டே 1845இல் பெல்ஜியத்தின் மக்கள்தொகை 66 லட்சத்தில் நிற்கும் என்றார். இரண்டாண்டு கழித்து 94 லட்சம் என்று திருத்தினார். இன்று அங்கே ஒரு கோடியே பத்து லட்சத்துக்கு மேல் இருக்கிறார்கள். 1920இல் ரேமண்ட் பேர்லும் லோவல் ரீடும் அமெரிக்காவுக்கு 19.7 கோடி என்று வரம்பு போட்டார்கள். 1960களிலேயே அந்நாடு அதைத் தாண்டிவிட்டது. மருத்துவம், குடியேற்றம், விலை என்று அடியில் இருக்கும் நிலைமை மாறும்போது கூரையும் நகர்ந்துவிடுகிறது.

இந்திய செல்போனிலும் அது நடந்தது. 2013க்குப் பிறகு ஆண்டுக்கு மூன்று முதல் ஏழு கோடி வரை என்று நிதானமாக ஏறிக்கொண்டிருந்த எண்ணிக்கை, 2016 மார்ச்சில் 103.4 கோடியில் இருந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் ஜியோ இலவச டேட்டாவோடு வந்தது. 2017 மார்ச்சில் 117 கோடி. பேசுவதற்காக வாங்கிய அலை ஒன்று, இணையத்துக்காக வாங்கிய அலை மற்றொன்று. இதற்கு ஒரே S போதாது. இரண்டு S-களைக் கூட்டிப் பொருத்த வேண்டும். தேட வேண்டிய எண்கள் மூன்றிலிருந்து ஆறாகும். ஆண்டுக்கு ஒன்று என்று இருக்கும் தரவு அதற்குப் பற்றாது, மாதாந்திர எண்கள் தேவைப்படும். இரண்டாவது அலை தொடங்கியபின் அதை அளக்கலாம். 2012இல் உட்கார்ந்துகொண்டு அது வருமென்று எந்த வர்க்கக் கூட்டுத்தொகையும் சொல்லியிருக்காது.

2018 மார்ச்சில் இந்தியாவில் 118.3 கோடி இணைப்புகள். 2012இல் பொருத்திய கோடு அந்த ஆண்டுக்குச் சொன்ன எண் 119 கோடி. பார்த்தால் அபாரமான கணிப்பு. ஆனால் 2013இல் அது 17 கோடியும், 2014இல் 20 கோடியும், 2015இல் 18 கோடியும் தவறியிருந்தது. இடையில் வந்த இலவச டேட்டா இல்லாமல் போயிருந்தால் 2018இலும் தவறியிருக்கலாம். அந்த ஒற்றை எண்ணின் பொருத்தத்தை இந்த முறையின் வெற்றியாகக் கணக்கில் எழுதக் கூடாது.